மாமாவின் வீடும் பாதி டொலரும்



2025 மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாமாவின் குசினி மேசையில் இருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் 22 வருஷக் கடதாசிகள். லோயர் தந்த கணக்கு, மோட்கேஜ் கடிதங்கள், கூரை போட்டவரின் பில், பேஸ்மென்ற் கட்டினவர் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்த ஒரு தொகை. றிச்மண்ட் ஹில்லில், யங் வீதிக்குக் கிட்ட, மாமாவுக்கு இரண்டாவதாக ஒரு ரவுன்ஹவுஸ் இருந்தது. 2024 ஜூனில் அதை விற்றவர். "நீ படிச்ச பிள்ளைதானே, வரிக் கணக்கை ஒருக்காப் பார்" என்றார். நான் படிப்பது நகரத் திட்டமிடல். ஆனால் எங்கட குடும்பத்தில் முதுகலை என்றால் எல்லாம் தெரிஞ்சிருக்க வேணும்.

அந்த வீட்டில் 7 வருஷம் வாடகைக்கு இருந்த குடும்பத்தையும் எனக்குத் தெரியும். மூத்த பிள்ளைக்கு நான் இரண்டு வருஷம் கணிதம் சொல்லிக் கொடுத்தனான். அவையள் ஏன் ஜூனில் வீடு மாற வேண்டி வந்தது என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கட வாசிப்பு வட்டத்தில் "மூலதன ஆதாயத்துக்கு முழு வரி" என்ற கோரிக்கை வந்தபோது எல்லாரும் கை தட்டினோம். ஆதாயம் என்றால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்று ஒருத்தரும் கேட்கேல்லை. நானும் கேட்கேல்லை. கேட்டிருந்தால் கோரிக்கையை வேறு மாதிரி எழுதியிருப்போம் என்று இப்ப நினைக்கிறேன்.

மாமாவின் முதல் கணக்கு இப்படி இருந்தது: "260 ஆயிரத்துக்கு வாங்கினது. வங்கிக்கு வட்டியா மட்டும் அதில முக்கால்வாசி கட்டினனான். வீட்டு வரி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் சேர்த்தால் எனக்கு என்ன மிச்சம்?" வாழ்க்கைக் கணக்காகப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. வரிக் கணக்கில் அப்படிச் சேர்க்க முடியாது. மோட்கேஜ் வட்டியையும், வீட்டு வரியையும், காப்புறுதியையும் அவர் வருஷா வருஷம் வாடகை வருமானத்தில் இருந்து ஏற்கெனவே கழித்துவிட்டார். ஒரே செலவை இரண்டு தரம் கழிக்க ஏலாது. ஆதாயம் என்பது விற்ற விலையில் இருந்து விற்பதற்கான செலவையும் அடக்க விலையையும் கழித்தால் வருவது, அவ்வளவுதான். கைக்கு வந்த காசுகூட இல்லை. வீட்டை ஈடு வைத்து எடுத்த கடனை விற்ற அன்றைக்கு அடைத்திருந்தால் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும், ஆனால் ஆதாயம் ஒரு சதமும் குறையாது.

ஆகவே அடக்க விலையில் இருந்து தொடங்கினோம். 2002 இல் வாங்கிய விலை 260,000 டொலர். இதோடு வாங்குவதற்காகக் கொடுத்ததும் சேரும். ஒன்ராறியோவின் காணி மாற்ற வரி 2,375 டொலர், லோயருக்குக் கொடுத்தது 1,125. (றிச்மண்ட் ஹில் ரொறன்ரோ நகர எல்லைக்குள் இல்லை. ஆகவே ரொறன்ரோ நகரம் 2008 இல் கொண்டுவந்த இரண்டாவது மாற்ற வரி, வீடு வாங்கும் எங்கட சனத்தில் கனபேர் ஸ்ரீல்ஸ் அவென்யூவைத் தாண்டி வடக்கே போனதுக்கு ஒரு காரணம், இந்தக் கணக்கில் வராது.) மொத்தம் 263,500.

அடுத்தது மேம்படுத்திய செலவு. சண்டை வந்ததே இங்கதான். மாமா இரண்டு பெரிய வேலைகள் செய்தவர். 2009 இல் பேஸ்மென்ற்றில் ஒரு அறை, குளியலறை, சின்னக் குசினி. 2015 இல் கூரை ஓடு மாற்றியது. இரண்டையும் சேர்க்கச் சொன்னார். பேஸ்மென்ற் சேரும், ஏனென்றால் முன்பு இல்லாத ஒன்றை அது வீட்டுக்குக் கொடுத்தது. கூரை அப்படி இல்லை. பழைய கூரைக்குப் பதிலாக அதே மாதிரிக் கூரை. வீடு முன்பு இருந்த நிலைக்குத் திரும்பியது, அதைவிட மேலே போகவில்லை. அப்படிப்பட்டது பராமரிப்புச் செலவு, அந்தந்த வருஷ வாடகையில் கழிப்பது. 2015 கோப்பைத் திறந்து பார்த்தால், மாமாவின் கணக்காளர் அப்பவே அதைக் கழித்திருந்தார். வட்டிக்குச் சொன்ன அதே பதில்தான்.

பேஸ்மென்ற்றுக்கு மாமா கொடுத்தது 32,000 டொலர். பெட்டியில் பற்றுச்சீட்டு இருந்தது 21,500 க்குத்தான். மிச்சம் காசாகக் கையில் கொடுத்தது. "தெரிஞ்ச பெடியன்தானே, ஜிஎஸ்ரி இல்லாமல் செய்து தந்தவன்." அந்த நேரம் வரியை மிச்சம் பிடித்தது மாமாவுக்குச் சந்தோசம். 15 வருஷம் கழித்து அந்த 10,500 டொலரை வரித் திணைக்களத்துக்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. கொப்பித் தாளில் பேரும் இல்லை, திகதியும் இல்லை. மாமாவே சனி ஞாயிறில் நின்று சுவருக்குப் பெயின்ற் அடித்த உழைப்புக்கும் அடக்க விலையில் இடமில்லை. சொந்த உழைப்புக்கு வரிக் கணக்கில் விலை பூச்சியம். (இதைப் பற்றித் தனியா ஒரு கட்டுரை எழுதலாம், இப்ப வேண்டாம்.)

ஆக அடக்க விலை 285,000. இன்னொரு விசயத்தில் மாமாவுக்கு அதிர்ஷ்டம். அவருடைய கணக்காளர் கட்டடத்துக்குத் தேய்மானம் கழிக்கவில்லை. பல பேர் வாடகை வருமானத்தைக் குறைக்க வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பார்கள். விற்கும்போது கழித்தது முழுக்கத் திரும்ப வருமானத்தில் சேரும், பாதியாக இல்லை. உங்கட அப்பா அம்மா வாடகை வீடு வைத்திருந்தால் விற்க முன்னம் இதை ஒருக்காக் கேளுங்கோ.

வீடு விற்றது 1,120,000 டொலருக்கு. கொமிஷன், அதுக்கு எச்எஸ்ரி, லோயர் எல்லாம் 65,000. மிச்சம் 1,055,000. அதில் 285,000 ஐக் கழித்தால் ஆதாயம் 770,000. கனடாவில் இதில் பாதிதான் வருமானத்தில் சேரும்: 385,000. மற்றப் பாதியை அரசாங்கம் பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற அம்மா கேட்டா: "அப்ப என்ர காணியை வித்தால்?" அம்மாவின் சீதனக் காணி வலிகாமம் வடக்கில். கனடாவில் வதிகிறவர்கள் உலகத்தில் எங்கே விற்றாலும் இங்கே காட்ட வேண்டும். ஆனால் அம்மாவின் கொள்விலை, தாத்தா அந்தக் காலத்தில் கொடுத்த விலை இல்லை. ஒருவர் கனடாவில் வதிவாளர் ஆகும் நாளில், வெளிநாட்டில் தன்னிடம் இருப்பதை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகச் சட்டம் கருதுகிறது. அம்மா வந்தது 1991 இல். அதுக்கு முதல் வருஷம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, வலிகாமம் வடக்குச் சனம் பெட்டி படுக்கையோடு ஓடிவிட்டது. சனமில்லாத, போகவே முடியாத காணிக்கு 1991 இல் சந்தை விலை என்ன? இலங்கையின் கணக்கு வேறு. அங்கே மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் திரும்ப வந்தது, 2017 செப்ரெம்பர் 30 இல் கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தை விலைதான் அடக்க விலை. ஒரே காணி, இரண்டு நாடு, இரண்டு கொள்விலை. போரில் பறிபோன காணியின் விலை குறைவு என்று 1991 இல் எழுதினால், இன்றைக்கு ஆதாயம் கூடுதலாகத் தெரியும். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு "நான் விக்கேல்லை" என்றா.

சரி, மாமாவிடம் திரும்புவோம். 770,000 என்று கேட்டதும் அவர் சொன்னது, எங்கட எல்லாருடைய வீட்டிலும் ஒருக்காவது கேட்டிருப்பீங்கள்: "2002 இல ஒரு டொலருக்கு என்ன வாங்கலாம், இப்ப என்ன வாங்கலாம்? விலைவாசி ஏறினதைப் போய் லாபம் எண்டு சொல்லுறியே?" வலதுசாரிப் பத்திரிகைகளிலும் இதே வாதம்தான். நாங்கள் வழக்கமாக இதுக்குப் பதில் சொல்லாமல் முகத்தைச் சுழிப்போம். நான் அன்றைக்குக் கணக்குப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன், ஏனென்றால் மாமா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. 2002 டொலரையும் 2024 டொலரையும் அப்படியே கழிப்பது முழத்தில் இருந்து மீற்றரைக் கழிப்பது மாதிரி.

கனடாவின் நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்கு 2002 ஆம் ஆண்டுதான் அடிப்படை, 100. 2024 இன் ஆண்டுச் சராசரி 160.9. அதாவது 2002 இல் 100 டொலருக்கு வாங்கிய சாமான்களுக்கு 2024 இல் கிட்டத்தட்ட 161 டொலர் வேண்டும். மாமாவின் 263,500 ஐ 1.609 ஆல் பெருக்கினால் 424,000 அளவில் வரும். பேஸ்மென்ற்றை இதே எண்ணால் பெருக்கக் கூடாது. அந்தக் காசு செலவானது 2009 இல், அப்போது சுட்டெண் 114.4. ஒவ்வொரு செலவுக்கும் அது செலவான வருஷத்தின் எண்தான். 160.9 ஐ 114.4 ஆல் பிரித்தால் 1.41 அளவு, ஆகவே 21,500 டொலர் 30,200 ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 2024 டொலரில் அடக்க விலை 454,200.

1,055,000 இல் இருந்து 454,200 ஐக் கழித்தால் 600,800. மாமாவின் மெய்யான ஆதாயம் அதுதான். 770,000 இல் விலைவாசி ஏற்றம் மட்டும் என்று சொல்லக்கூடியது 169,200, நாலில் ஒரு பங்குகூட இல்லை.

இப்ப இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ. பணவீக்கத்துக்காக விட வேண்டியது 169,200. பாதி என்ற விதியால் அரசு விட்டது 385,000. பணவீக்கத்தைக் கழித்துக் கணக்குப் பார்த்தால் மாமா 600,800 க்கு வரி கட்ட வேண்டும். இப்போது கட்டுவது 385,000 க்கு. மாமா கேட்ட நியாயத்தைக் கொடுத்தால் அவருடைய வரி கூடுது! அவர் கல்குலேற்றரை வாங்கித் தானே ஒருக்காப் போட்டுப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கேல்லை.

பாதியை விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பணவீக்கம் ஒன்று. அவுஸ்திரேலியாவில் இந்த மாற்றம் வெளிப்படையாகவே நடந்தது. 1985 இல் மூலதன ஆதாய வரி வந்தபோது அடக்க விலையைச் சுட்டெண்ணோடு உயர்த்தினார்கள். 1999 செப்ரெம்பரில் அதை நிறுத்திவிட்டு, 12 மாதம் வைத்திருந்தால் தனிநபருக்குப் பாதி தள்ளுபடி என்று மாற்றினார்கள். கனடாவில் பொதுவாக அந்த 12 மாதமும் கேட்பதில்லை. 2023 ஜனவரியில் இருந்து, 365 நாளுக்குள் வாங்கி விற்ற வீட்டுக்கு வரும் லாபம், மரணம், பிரிவு, வேலை மாற்றம் மாதிரிக் காரணங்கள் இல்லாவிட்டால், முழு வியாபார வருமானம். ஒரு வருஷத்தைத் தாண்டிய பிறகு இரண்டு வருஷம் வைத்திருந்தவருக்கும் 22 வருஷம் வைத்திருந்தவருக்கும் அதே பாதிதான்.

இதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. ஒருவர் 2020 இல் ஒரு வீட்டை 800,000 க்கு வாங்கி, வாடகைக்கு விட்டு, 2022 இல் 1,150,000 க்கு விற்றார் என்று வைப்போம். செலவுகளை மறப்போம். ஆதாயம் 350,000. அந்த இரண்டு வருஷத்தில் சுட்டெண் 137.0 இல் இருந்து 151.2 க்குப் போனது, கிட்டத்தட்ட 10.4 சதவீதம். பணவீக்கப் பங்கு 83,000. அரசு விட்டது 175,000. மறுபக்கம், 2002 இல் 10,000 டொலருக்கு ஒரு பங்கை வாங்கி 2024 இல் 18,000 க்கு விற்ற ஒரு ஆசிரியையை நினையுங்கோ. ஆதாயம் 8,000, வரி வருவது 4,000 க்கு. ஆனால் அந்த 10,000 டொலர் இன்றைக்கு 16,090. அவவின் மெய்யான ஆதாயம் 1,910 தான். அவ இல்லாத லாபத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறா. பாதி என்ற விதி கெதியாக ஏறும் சொத்தை வைத்திருப்பவருக்கு அள்ளிக் கொடுக்கிறது, ஆறுதலாக ஏறும் சொத்தை வைத்திருப்பவரிடம் பிடுங்குகிறது. கடந்த இருபது வருஷம் இந்தப் பக்கத்தில் கெதியாக ஏறியது எது என்று றிச்மண்ட் ஹில்லில் வளர்ந்த எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: ஆதாயத்தை முழுக்க வருமானத்தில் சேர்க்க வேண்டும், ஆனால் அடக்க விலையைப் பணவீக்கத்தோடு உயர்த்திய பிறகு. பணவீக்கச் சீராக்கம் என்ற சொல்லை வலதுசாரிகளிடம் விட்டுவிடத் தேவையில்லை. முழுவதையும் சேர்க்க வேண்டும் என்பதும் புதிதில்லை. 1972 வரைக்கும் கனடாவில் மூலதன ஆதாயத்துக்கு வரியே இல்லை. அதுக்கு முன்னம், 1960 களில், கார்ட்டர் ஆணைக்குழு டொலர் எந்த வழியால் வந்தாலும் டொலர்தான், முழுவதையும் சேருங்கள் என்று பரிந்துரைத்தது. எதிர்ப்புக்குப் பிறகு அரசு பாதியோடு நின்றது. அது 1988 இல் மூன்றில் இரண்டாகவும், 1990 இல் நாலில் மூன்றாகவும் ஏறியது. ஏற்றியது பழமைவாதிகளின் அரசு. (அதே அரசுதான் 1985 இல் ஆளுக்கு வாழ்நாள் விலக்கும் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.) 2000 இல் பாதிக்கு இறக்கியது லிபரல்கள்.

என் நிலைப்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது, மாமாவின் மோட்கேஜ் கடிதங்களில் அது தெரிந்தது. 2002 இல் அவர் கையால் போட்டது 65,000. வங்கி தந்தது 195,000. விலைவாசி ஏற ஏற அந்தக் கடனைச் சின்ன டொலர்களால் அடைத்தார். வீட்டின் அடக்க விலையை மட்டும் பணவீக்கத்தோடு உயர்த்தினால், கடன் உருகியதால் வந்த லாபத்தை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதோடு வங்கி கேட்கும் வட்டியில் ஒரு பகுதி பணவீக்கத்துக்கான ஈடுதான். அந்த வட்டி முழுவதையும் அவர் வாடகையில் இருந்து கழித்தார். ஒரு பக்கம் பணவீக்கத்தை நீக்கி, மறுபக்கம் அதைக் கழிவாக வைத்திருந்தால், கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு இரட்டிப்புச் சலுகை. ஆகவே அடக்க விலையை உயர்த்துவது என்றால் வட்டிக் கழிவையும் பணவீக்கத்துக்கு மேலான பகுதிக்கு மட்டும் சுருக்க வேண்டும். கணக்குச் சிக்கலாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குச் சேமிப்புக் கணக்கில் வரும் வட்டிக்குப் பணவீக்கம் கழிக்காமல் முழு வரி கட்டுகிறது என்ர அம்மம்மா. அந்தச் சிக்கல் அவவுக்காக ஒருத்தருக்கும் பெரிதாகத் தெரியவில்லையே.

இந்தியாவைப் பார்த்துப் படிக்க ஒன்று இருக்கிறது. அங்கே இந்தச் சீராக்கம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2001-02 ஐ 100 என்று வைத்து வருமான வரித்துறை வருஷா வருஷம் ஒரு சுட்டெண்ணை அறிவிக்கும். 2024-25 க்கு அது 363. சென்னையில் 2001-02 இல் 10 இலட்சத்துக்கு வாங்கிய வீட்டின் அடக்க விலை 36.3 இலட்சம் என்று கணக்கிட்டு, மிச்சத்துக்கு 20 சதவீதம். 2024 ஜூலை 23 பட்ஜெட் அந்தச் சுட்டெண்ணைத் தூக்கிவிட்டு வீதத்தை 12.5 ஆக்கியது. சத்தம் எழும்பியதும் அரசு கொஞ்சம் இறங்கி, அந்தத் திகதிக்கு முன் காணியோ வீடோ வாங்கிய உள்நாட்டு வதிவாளர் இரண்டு முறையில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்றது. வெளிநாட்டில் வதிகிறவர்களுக்கு அந்தத் தெரிவு இல்லை. கெதியாக ஏறிய வீட்டுக்குப் புதிய முறை லாபம், ஆறுதலாக ஏறிய வீட்டுக்கு நட்டம். மாமாவும் ஆசிரியையும் அங்கேயும் இருக்கிறார்கள்.

இப்ப அந்த ஜூன் மாதத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 16 பட்ஜெட்டில் சமஷ்டி அரசு சொன்னது: ஜூன் 25 இல் இருந்து, தனிநபரின் வருஷ ஆதாயத்தில் 250,000 க்கு மேலான பகுதிக்குப் பாதி இல்லை, மூன்றில் இரண்டு. மாமாவுக்கு இது எவ்வளவு என்று கணக்கிட்டேன். 770,000 இல் 250,000 போக 520,000. அதில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒன்று, 86,667 டொலர். ஒன்ராறியோவின் உச்ச வீதம் 53.53 சதவீதம். ஆக 46,000 டொலருக்குக் கொஞ்சம் மேல். அந்த 46,000 ஐ மிச்சம் பிடிக்க மாமா அவசரப்பட்டார்.

ஆதாயம் வருவது ஒப்பந்தம் எழுதும் நாளில் இல்லை, பொதுவாக வீடு கைமாறும் நாளில். ஆகவே ஜூன் 24 க்குள் வீடு கைமாற வேண்டும், வாங்குகிறவர் குடியிருக்க வருவதால் வெறுமையாகவும் இருக்க வேண்டும். அதுக்குச் சட்டத்தில் என்12 என்ற அறிவித்தல் இருக்கிறது. ஆனால் அதுக்கு 60 நாள் வேண்டும், முடிவு நாள் வாடகைக் காலத்தின் கடைசி நாளாகவும் இருக்க வேண்டும். மாதா மாதம் முதலாம் திகதி வாடகை என்றால், ஏப்ரல் கடைசியில் கொடுத்த அறிவித்தல் ஜூன் 30 இல்தான் முடியும். ஆறு நாள் பிந்திவிடும். ஆகவே மாமா அந்தக் குடும்பத்தோடு "கதைச்சு" என்11 என்ற உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். இரண்டு மாத வாடகை கொடுத்தார். தான் நல்லாத்தான் நடத்தினனான் என்று அவர் நினைக்கிறார். ஒரே ஊர்ச் சனம், மறுக்க அவையளுக்கு வாய் வரேல்லை. மறுத்து வீட்டிலேயே இருந்திருந்தால் ஜூன் 24 க்குள் அவையளை எழுப்ப வழியே இருந்திருக்காது. அது அவையளுக்குத் தெரியாது, எனக்கும் அப்ப தெரியாது.

அவையள் இப்ப ஏஜக்ஸில் ஒரு பேஸ்மென்ற்றில் இருக்கினம். அந்த 7 வருஷத்தில் அவையளின்ர வாடகை, ஒன்ராறியோ விலைவாசியைப் பார்த்து அறிவிக்கும் வீதப்படி ஏறியது. 2024 க்கு அது 2.5 சதவீதம். வீட்டுக்காரருக்குப் பணவீக்கச் சீராக்கம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. வீடு மாறியதால் புது வாடகை சந்தை விலைக்குப் போய்விட்டது. அவையளுக்கு எந்தச் சுட்டெண்ணும் இல்லை.

மூன்றில் இரண்டு என்ற அந்தச் சட்டம் வரவே இல்லை. 2025 ஜனவரி 31 இல் அதை 2026 ஜனவரி 1 க்குத் தள்ளிப்போட்டார்கள், மார்ச் 21 இல் பிரதமர் மார்க் கார்னி கைவிட்டார். நாங்கள் மேசையில் இருந்தது அதுக்கு எட்டு நாள் கழித்து. மாமா ஆறுதலாக விற்றிருந்தாலும் அதே 385,000 க்குத்தான் வரி கட்டியிருப்பார். நான் இதைச் சொன்னபோது அவர் கனநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவையளை ஏன் எழுப்பினனான்?" என்று கேட்டார். நான் மூன்றாம் அட்டவணையில் 1,120,000, 285,000, 65,000 என்று மூன்று எண்களையும் நிரப்பினேன்.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் கோரிக்கையைத் திரும்ப எடுத்து எழுதுவோம். வரும்போது வீட்டில் இருக்கும் சப்பாத்துப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. வாடகைக்கு இருக்கிற தோழர்கள் குத்தகை ஒப்பந்தத்தைக் கொண்டு வாங்கோ, என்11 இல் என்ன எழுதியிருக்கும் என்பதை நாங்கள் முதலில் வாசிப்போம்.